கழிக்கக் கழிக்கக் கூடுகிற தோஷம்

2025 ஜனவரி முதல் வாரத்தில், பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் இன்ஸ்டாகிராமில் ஒரு சோதிடரின் பக்கத்தைப் பார்த்தார். முகப்பில் அகோரிச் சாமியார் ஒருவரின் படம். அந்தப் பெண் ஒரு செய்தி அனுப்பினார். உடனே பதில் வந்தது. பெயரும் பிறந்த தேதியும் கேட்டார்கள். காதல் திருமணம்தான் அமையும், ஆனால் ஜாதகத்தில் சில தடைகள் இருக்கின்றன, ஒரு பூசை செய்தால் விலகிவிடும் என்றார் சோதிடர். பூசைக்குக் கட்டணம் 1,820 இந்திய ரூபாய். பெரிய தொகை இல்லையே என்று அந்தப் பெண் போனிலேயே அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு தடைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஒவ்வொரு தடைக்கும் ஒரு பூசை, ஒவ்வொரு பூசைக்கும் ஒரு கட்டணம். ஏமாந்துவிட்டோம் என்று உணர்ந்தபோது போன பணம் ஏறத்தாழ 5.9 இலட்சம் ரூபாய். திருப்பிக் கேட்டதும் 13,000 ரூபாயை மட்டும் அனுப்பிவிட்டு, மேலும் வற்புறுத்தினால் உயிரை விட்டுவிடுவேன் என்றார் சோதிடர். அடுத்து வேறொருவர் அழைத்தார். தான் வழக்கறிஞர் என்றும், சோதிடர் தற்கொலைக்கு முயன்று கடிதத்தில் உங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறார் என்றும் சொல்லி, அதைச் சரிக்கட்ட மீண்டும் பணம் கேட்டார். அந்தக் கட்டத்தில்தான் பெண் பொலிசுக்குப் போனார்.

இந்தச் செய்தியை வாசிக்கிற பலர், "படித்த பெண் இப்படியா ஏமாறுவது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நான் அப்படிப் போக விரும்பவில்லை. பொல்பிட்டிய, நோர்ட்டன் பிரிட்ஜ், ஹட்டன் என்று நம் மலைப்பக்கத்திலும் அதே வலை விரிக்கப்பட்டுத்தான் இருக்கிறது. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய ஸ்மார்ட் போன்கள் இன்று லயத்துக்கு லயம் இருக்கின்றன. அந்தப் போனில் பேஸ்புக்கைத் திறந்தால் வசியம், செய்வினை முறிப்பு, பிரிந்தவர் சேர, கடன் தீர என்று தமிழிலேயே விளம்பரங்கள் வருகின்றன. கீழே ஒரு வட்ஸ்அப் இலக்கம். ஆளின் ஊர் தெரியாது, முகம் தெரியாது.

பெங்களூருக் கதையில் கவனிக்க வேண்டியது பணம் போன விதம். 5.9 இலட்சத்தை முதல் நாளே கேட்டிருந்தால் அந்தப் பெண் சிரித்துவிட்டு போனை வைத்திருப்பார். 1,820 கேட்டதால் கொடுத்தார். இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில் மனித மனம் என்ன செய்கிறது என்பதை உளவியலும் கொஞ்சம் கணக்கும் சேர்ந்து நன்றாகவே விளக்குகின்றன.

"எப்படி இவ்வளவு சரியாகச் சொன்னார்?"

முதல் தவணைக்கு முன்னால் ஒரு வியப்பு வேண்டும். "என்னைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?" என்ற வியப்பு. அது இல்லாமல் யாரும் பணம் அனுப்புவதில்லை.

1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவரிடமும் "இது உன்னுடைய குண விவரம்" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரிப் புள்ளி 4.26. பிறகுதான் உண்மையைச் சொன்னார்: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. மாணவர்கள் முட்டாள்களாக இருக்கவில்லை. பொதுவான ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் மனம் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைத் தேடி எடுத்து அதில் பொருத்திக்கொள்கிறது. பொருத்திய வேலை நம்முடையது. பாராட்டுத்தான் சொன்னவருக்குப் போகிறது.

நம் பக்கத்தில் இந்த வாக்கியங்கள் வேறு உருவில் வரும். "வீட்டுக்குப் பணம் வருகிறது, ஆனால் தங்குவதில்லை." சம்பள நாளன்று கடைக் கடனும் சீட்டுப் பணமும் கழிந்துபோகிற எந்தத் தோட்டத்து வீட்டுக்கு இது பொருந்தாது? "உங்களுக்கு நெருக்கமான ஒருவரே வயிற்றெரிச்சலில் செய்துவிட்டார்." ஒரே கூரையின் கீழ் ஒரே சுவரைப் பகிர்ந்து பல குடும்பங்கள் வாழும் லயத்தில், இந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் மனதில் ஒரு முகம் வராமல் இருக்குமா? தண்ணீர்ப் பீலியடியில் நடந்த சண்டையோ, கோழிக்காக வந்த சச்சரவோ உடனே நினைவுக்கு வரும். சோதிடர் யார் பெயரையும் சொல்லியிருக்க மாட்டார். பெயரை நாமே போட்டுக்கொள்வோம். பணம் போவதற்கு முன்பே அடுத்த வீட்டோடு இருந்த உறவு போய்விடுகிறது. அந்த இழப்பு எந்த முறைப்பாட்டிலும் பதிவாவதில்லை.

இணையத்தில் இன்னொரு வசதியும் அவர்களுக்கு உண்டு. நாம் செய்தி அனுப்பியதும் நம் பேஸ்புக் பக்கம் அவர்களுக்குத் திறந்து கிடக்கிறது. மகள் குவைத்துக்குப் போனதும், அப்பாவின் ஓராண்டுத் திதியும், புது ஆட்டோ வாங்கியதும் அங்கேயே இருக்கின்றன. "கடல் கடந்து போன ஒருவரால் உங்களுக்கு மனக்கவலை" என்று சொல்ல ஞானதிருஷ்டி தேவையில்லை.

ஜாதகத்தைப் பார்த்தே சொல்ல முடியும் என்ற கூற்றையும் நேராகச் சோதித்திருக்கிறார்கள். வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் அவரோடு பணியாற்றியவர்களும் 2008இல் மகாராஷ்டிரத்தில் அதைச் செய்தார்கள். படிப்பில் சிறந்த 100 பிள்ளைகளின் ஜாதகங்களையும் அறிவு வளர்ச்சி குறைந்த 100 பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து, பங்கேற்க முன்வந்த 51 சோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகங்கள் அனுப்பினார்கள். எது எந்தப் பிள்ளையுடையது என்று சொன்னால் போதும். பதில் அனுப்பிய 27 பேரின் சராசரி 46 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறத்தாழ 50 சதவீதம் சரியாக வந்திருக்கும்.

முதல் பூசை பலிப்பது ஏன்

பணம் கொடுத்தவர்கள் பலர் உறுதியாகச் சொல்வது ஒன்றுண்டு. "முதல் பூசைக்குப் பிறகு கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு." அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அதற்கான காரணத்தைத் தோட்டத்தில் தராசடியில் நிற்கிற எவரும் கையோடு சரிபார்க்கலாம்.

ஒரு பெண் சராசரியாக நாளுக்கு 18 கிலோ கொழுந்து எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 22, ஒரு நாள் 15 என்று ஏறி இறங்கும். மழை, உடம்பு, மலை, கொழுந்து வந்திருக்கும் விதம் என்று பல காரணங்கள். ஒரு நாள் எல்லாம் கூடி வந்து 10 கிலோதான் கிடைத்தது. கங்காணி நன்றாகத் திட்டினார். மறுநாள் 17. திட்டியதால்தான் ஏறியது என்று கங்காணி நம்புவார். அவர் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் 17க்குப் பக்கத்தில்தான் வந்திருக்கும். மிக மோசமான ஒரு நாளுக்குப் பிறகு வருகிற நாள் பெரும்பாலும் சாதாரண நாளாகவே இருக்கும். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள்.

சோதிடரை நாம் எப்போது தேடுகிறோம்? பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடிக்கும்போது, கணவன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனபோது, கடன்காரன் வாசலில் நிற்கும்போது. அதாவது வாழ்க்கையின் 10 கிலோ நாளில். அந்த நாளில் என்ன செய்தாலும், ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும், அடுத்த இரண்டு வாரங்களில் ஏதோ ஒன்று கொஞ்சம் சீராகும் வாய்ப்பு அதிகம். காய்ச்சல் இறங்கும். கணவன் திரும்பி வருவார். அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு பூசையும் நடந்திருந்தால் பெயர் முழுக்கப் பூசைக்குப் போகும். பூசை செய்யாமலே சீரானவர்களின் கதை நம் காதுக்கு வருவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாமல் போகிறது.

சீராகவில்லை என்றால்? அதற்கும் பதில் தயாராக இருக்கிறது. "நான் நினைத்ததைவிடக் கட்டு பலமாக இருக்கிறது." நல்லது நடந்தால் பரிகாரம் வேலை செய்கிறது, தொடர வேண்டும். கெட்டது நடந்தால் சாபம் எதிர்க்கிறது, இன்னும் பலமாகச் செய்ய வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் நேரம் கூடவில்லை, பொறுக்க வேண்டும். எது நடந்தாலும் தவறு என்று நிரூபிக்க முடியாதபடி கட்டப்பட்ட கூற்று இது. அறிவியலில் ஒரு கருத்தைச் சோதிக்க முதல் கேள்வி, "எது நடந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வாய்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. சாபம் நீங்கிவிட்டது என்று காட்டும் அடையாளம் எதையும் முன்கூட்டியே சொல்லாததால், அது நீங்கும் நாளும் வருவதில்லை.

பேர்க் கணக்கில் ஒரு சாபம்

இப்போது பணத்துக்கு வருவோம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. ஒரு முழுப் பேருக்கு 1,350 என்று வைத்து, தொகை ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்காகும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் எலுமிச்சை வெட்டிக் கழிக்க ஒரு பேர். ஒரு நாள் உழைப்பு போனால் போகட்டும் என்று தோன்றும். அடுத்தது தகடு எழுத இரண்டு பேர். பிறகு ஹோமத்துக்கு நான்கு. மயானப் பூசைக்கு எட்டு. இதுவரை போனது 15 பேர், 20,250 ரூபா. சம்பளத்தோடும் சீட்டுப் பணத்தோடும் சமாளித்துவிடலாம். அடுத்தது 16 பேர். இங்கே தோடு அடகுக்குப் போகிறது. பிறகு 32. இங்கே வட்டிக் கடன். பிறகு 64. ஏழு தவணையில் மொத்தம் 127 பேர், 171,450 ரூபா. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் ஐந்து மாதச் சம்பளத்துக்கு மேல்.

இந்தக் கணக்கில் ஒரு குணம் ஒளிந்திருக்கிறது. எந்தப் படியில் நின்று பார்த்தாலும், அடுத்துக் கேட்கிற தொகை இதுவரை கொடுத்த மொத்தத்தைவிடக் கொஞ்சம் அதிகம். 15 பேர் கொடுத்தவரிடம் 16 கேட்கிறார்கள். 31 கொடுத்தவரிடம் 32. 127 கொடுத்தவரிடம் 128. ஆனால் கேட்கிறவர் அதை அந்த விதமாகச் சொல்வதில்லை. "இவ்வளவு செய்துவிட்டோம், இன்னும் ஒரே ஒரு படிதான்" என்பார். கேட்பவர் காதில், கொடுத்த 127ஐக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது என்று விழுகிறது. உண்மையில் அது மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்வதற்குச் சமம்.

எல்லா மோசடியும் அச்சொட்டாக இரண்டு மடங்கில் ஏறாது. ஆனால் வழி இதுதான். 2024 அக்டோபரில் நியூயோர்க்கின் ஹிக்ஸ்வில் நகரில் சோதிடர் ஒருவர் கைதானார். 68 வயதுப் பெண் ஒருவரைப் பிடித்திருக்கும் தீய ஆவியை விரட்டுவதாகச் சொல்லி முதலில் 20,000 டொலர் வாங்கிவிட்டு, பிறகு மேலும் 42,000 டொலர் கேட்டார் என்பது பொலிசாரின் குற்றச்சாட்டு. கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பெங்களூருத் தொகையை எடுத்துக்கொண்டால், 1,820இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால் எட்டாவது தவணையிலேயே மொத்தம் 4.6 இலட்சத்தைத் தாண்டும். ஒரு வட்ஸ்அப் உரையாடலுக்குள் இவ்வளவு பெரிய தொகை எப்படி நுழைந்தது என்பது அப்போது விளங்கும்.

ஆனால் படி ஏறும்போது ஒருவர் ஏன் நிற்பதில்லை? 1985இல் ஹால் ஆர்க்ஸ், காத்தரின் புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒஹாயோவில் ஒரு நாடகக் கொட்டகையின் பருவச் சீட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடி விலைக்கும் விற்றார்கள். நாடகங்கள் ஒன்றே, இருக்கைகள் ஒன்றே. முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த பணம் எப்படியும் திரும்பி வராது. ஆனாலும் கொடுத்துவிட்டோமே என்ற நினைப்பு மனிதரை இழுத்துக்கொண்டு போகிறது.

சாபம் கழிப்பவர் இந்த இழுப்போடு பயத்தையும் சேர்க்கிறார். "பாதியில் விட்டால் கட்டிய ஆவி இரண்டு மடங்கு கோபத்தோடு திரும்பும், பிள்ளையைத்தான் முதலில் பிடிக்கும்" என்பது அவர் பேச்சின் அச்சாணி. இந்த ஒரு வாக்கியம் கணக்கையே தலைகீழாக்குகிறது. எந்தக் கடையிலும் வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடலாம். இங்கே எழுந்து வருவதே ஆபத்து என்று நம்ப வைத்துவிடுகிறார்கள். தொடங்காமல் இருப்பதைவிட, தொடங்கிய பிறகு நிறுத்துவது கடினமாகிறது. அடுத்த வாக்கியமும் கூடவே வரும்: "வெளியில் சொன்னால் பலிக்காது." புருசனிடம் சொல்லாதே, அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வியிலேயே எல்லாம் கலைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

ஹிக்ஸ்வில் சம்பவம் கலைந்தது அப்படித்தான். பணத்தை எடுக்க அந்தப் பெண்ணை வங்கிக்கு அழைத்துப் போனபோது வங்கி ஊழியர்களுக்குச் சந்தேகம் வந்து, விடயம் பொலிசுக்குப் போனது. வெளியாள் ஒருவர் கேள்வி கேட்ட அந்த இடத்தில்தான் அது நின்றது.

வலையில் யார் விழ வேண்டும் என்று தீர்மானிப்பது யார்

இந்த விளம்பரங்கள் ஏன் இவ்வளவு அப்பட்டமாக இருக்கின்றன என்று பலருக்கு வியப்பு வரும். "24 மணி நேரத்தில் வசியம், 100 சதவீதம் உத்தரவாதம்." இதை யார் நம்புவார்கள்? மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012இல் நைஜீரிய மின்னஞ்சல் மோசடிகளைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டு ஒரு கணக்கைப் போட்டார். செய்தி அனுப்புவதற்குச் செலவில்லை. பதில் போட்டவரோடு நாட்கணக்கில் பேசுவதற்குத்தான் நேரமும் உழைப்பும் செலவாகின்றன. பாதி தூரம் வந்து சந்தேகப்பட்டுத் திரும்புகிறவர் மோசடிக்காரருக்கு நட்டம். ஆகவே சந்தேகப்படுகிறவர்கள் முதல் பார்வையிலேயே விலகிப் போகும்படி விளம்பரம் அப்பட்டமாக இருப்பதுதான் அவருக்கு இலாபம். மிச்சமிருந்து பதில் போடுகிறவர், வேறு வழி தெரியாமல் துடிக்கிறவர்.

முதல் தவணைக்கும் இதே வேலைதான். 1,820 ரூபாய் அவர்களுக்கு வருமானமாகப் பெரிதில்லை. யார் கொடுப்பார் என்று காட்டும் அடையாளமாகத்தான் பெரிது. இதைத் தொழிற்சாலை அளவில் நடத்தியவர்கள் உண்டு. மரியா டுவால் என்ற பிரான்சு நாட்டுக் குறிசொல்லியின் பெயரில் அமெரிக்கர்களுக்குக் கடிதங்கள் போயின. ஒவ்வொன்றும் அவரே கைப்பட எழுதியதைப்போல இருக்கும். உண்மையில் ஒரே கடிதம் இலட்சக்கணக்கில் அச்சாகிப் போனது. ஒரு முறை பணம் அனுப்பியவருக்கு அதற்குப் பிறகு கடிதங்கள் டசின் கணக்கில் வந்தன. 1994 முதல் 2014 வரை இருபது ஆண்டுகளில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 17.5 கோடி டொலருக்கு மேல் இழந்தார்கள். பலர் முதியவர்கள். அதை நடத்திய கனடா நாட்டவர் பெட்ரிஸ் ரன்னரை 2023இல் நியூயோர்க் நீதிமன்ற ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். 2024இல் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. தோட்டத்து மக்கள் படிக்காததால் ஏமாறுகிறார்கள் என்று மேட்டுத்தெரு ஆட்கள் சொல்லும்போது இந்தக் கணக்கை நினைவுபடுத்த வேண்டும்.

தோட்டத்துக் கோடாங்கியையும் இவர்களையும் ஒன்றாக எண்ணவும் கூடாது. உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவரின் வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும். தட்சணை எவ்வளவு என்றும் தெரியும். மறுவாரம் அதே பாதையில் அவர் நம் முகத்தில் விழிக்க வேண்டும். அடகு வைக்கும் அளவுக்குக் கேட்டால் தலைவர் முன்னால் பஞ்சாயத்து நடக்கும். கோயிலில் அர்ச்சனைச் சீட்டின் விலை பலகையில் எழுதியிருக்கிறது, தீபாராதனையோடு அது முடிந்தும்விடுகிறது. நம்பிக்கையைச் சுற்றி ஊர் போட்டுவைத்த வேலி அது. வட்ஸ்அப் இலக்கத்தைச் சுற்றி எந்த வேலியும் இல்லை.

மூன்று கேள்விகள்

அதனால் ஒருவரிடம் போய் "சோதிடமே பொய்" என்று வாதாட வேண்டியதில்லை. பயத்தில் இருப்பவரிடம் அந்த வாதம் எடுபடாது, அவர் இன்னும் உள்ளே ஒடுங்கிப்போவார். நம்பிக்கையைத் தொடாமலே மூன்று கேள்விகளை அந்தச் சோதிடரிடம் கேட்கச் சொல்லலாம். எல்லாம் முடிய மொத்தம் எவ்வளவு, அதை இப்போதே எழுத்தில் தருவீர்களா? எந்தத் தேதிக்குள் என்ன நடந்தால் சாபம் நீங்கிவிட்டது என்று அர்த்தம்? இதை என் வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாமா? நேர்மையான எந்தத் தொழிலாளியும், தச்சரோ வைத்தியரோ, இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுவார். சாபத்தை விற்கிறவரால் ஒன்றுக்குக்கூடச் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த தவணை கேட்க வழியில்லாமல் போய்விடும்.

ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள் செய்ய வேண்டியதில் வேகம் முக்கியம். இணைய வங்கியிலும் கைபேசிப் பணப்பையிலும் பணம் சில வினாடிகளில் போய்ச் சேர்கிறது. பெற்றவர் அதை உடனே எடுத்துவிடுவார் அல்லது வேறு கணக்குக்கு மாற்றிவிடுவார். அதனால் கடைசித் தவணையைப் பற்றி வங்கிக்கு அறிவிப்பதை மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. உரையாடலை வெட்கத்தில் அழித்துவிடாதீர்கள். இலக்கம், கணக்கு எண், பணம் போட்ட சீட்டு, குரல் பதிவு எல்லாமே சாட்சி. "பொலிசுக்குப் போகிறேன்" என்று அவரிடம் சொல்லவும் வேண்டாம். சொன்னால் கணக்கைக் காலி செய்துவிட்டு மறைவார், அல்லது மிரட்டத் தொடங்குவார். ஏமாற்றிப் பணம் பறிப்பதும் மிரட்டிப் பறிப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதலாம். இணைய மோசடி பற்றி ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்தில் உதவி கேட்கலாம்.

நிறுத்திய பிறகும் இன்னொரு சுற்று வரலாம் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பெங்களூரில் வழக்கறிஞர் வேடத்தில் வந்தது அதுதான். வேறொரு இடத்தில் "போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் மட்டும் முன்னால் கட்டுங்கள்" என்று வரலாம். ஒருமுறை கொடுத்தவரின் இலக்கம் அவர்களுக்கு மதிப்புள்ள சரக்கு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தோடு அடகுக்குப் போனது தெரிந்ததும் முதலில் எழுவது கோபம். "உனக்கு அறிவில்லையா" என்று கேட்டுவிட்டால், மனைவியோ அம்மாவோ அடுத்த தவணையை மறைத்துக் கொடுப்பார். "எவ்வளவு போயிருக்கு, அடுத்தது எவ்வளவு கேட்டிருக்கான்?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு தொகையையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

பெரும்பாலும் அந்தத் தாளில் இரண்டாவது தொகைதான் பெரிதாக இருக்கும். போனதை மீட்பது வங்கியின், பொலிசின், காலத்தின் கையில் இருக்கிறது. கேட்டிருப்பதைக் காப்பாற்றுவது முழுக்க நம் கையில். இரட்டித்து ஏறுகிற கணக்கில் எந்தப் படியில் நிறுத்தினாலும், அதுவரை இழந்ததைவிட அதிகமான பணம் வீட்டிலேயே நிற்கும். 15 பேர் போன பிறகு நிறுத்துகிறவருக்கு அடுத்த 16 பேர் மிச்சம். 127 போன பிறகு நிறுத்துகிறவருக்கு 128 மிச்சம். இவ்வளவு தூரம் போய்விட்டோம், இனி நிறுத்தி என்ன பயன் என்று நினைக்கிறவருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு இதுதான்.